பரிவட்டத் தகராறு: பெரியவர்களுக்கு நான் எழுதிய இரண்டாவது கடிதம்

எங்கள் ஊர் அம்மன் கோயில் தேரன்று முதல் பரிவட்டம் யாருக்கு என்பதில், எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. முதல் கடிதத்தில் "எங்கள் உரிமையை நிலைநாட்டித் தாருங்கள்" என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்கவும் முடியாது. மரபு மரியாதை யாருக்கு என்ற வழக்கை, 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி அத்துறை அதிகாரிதான் தீர்மானிக்க வேண்டும்.

கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது மறுபடி எழுதினேன்:

"வணக்கத்துக்குரிய பெரியவர்களுக்கு, இந்த ஆண்டுத் தேருக்கு மட்டும் ஓர் ஏற்பாடு சொல்லுங்கள். இரு வீட்டாரையும் ஒரே நாளில் கோயில் மண்டபத்துக்கு அழையுங்கள். இங்கே ஒப்புக்கொள்வது எவருடைய உரிமையையும் பாதிக்காது என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுகிறோம்."

கூடவே பழைய திருவிழா நோட்டீசுகளின் நகல்கள். பெரியப்பா வீட்டுப் பெயர் முன்னால் இருந்தவற்றையும் மறைக்காமல் வைத்தேன். அப்பாவுக்கு அதில் வருத்தம்தான்.

கடிதத்தின் கடைசி வரியைப் படித்த பிறகே பெரியப்பா மண்டபத்துக்கு வந்தார். அந்த ஆண்டு பரிவட்டம் அவருக்கு, வடம் தொட்டுக் கொடுப்பது அப்பாவுக்கு. அடுத்த ஆண்டுக்கு மறுபடி உட்கார வேண்டும்.