சிங்கப்பூர் சீருக்குப் பணம்: ரேட்டை விட மார்ஜினைப் பாருங்கள்

ஈரோட்டுத் தாய்மாமன், சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகளின் சீருக்கு 3 லட்சம் அனுப்புகிறார் என்று வைப்போம். இணையத்தில் சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய், வங்கி கேட்பது 66.50 என்று இருக்கட்டும். அந்த ஒன்றரை ரூபாய்தான் வங்கியின் மார்ஜின்; அதிலேயே நூறு டாலருக்கு மேல் போய்விடும். ரேட் 50 காசு இறங்கட்டும் என்று காத்திருந்து கிடைப்பதோ 35 டாலர்தான். அதனால் முதலில் இரண்டு மூன்று இடங்களில் "எல்லாம் போக அக்கா கணக்கில் எத்தனை டாலர் ஏறும்?" என்றே கேளுங்கள். வங்கிகள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் வழியில் அனுப்பினால் இடையில் வரும் வங்கியும் கொஞ்சம் பிடிக்கும். கட்டணம் முழுவதும் நம்முடையது என்று படிவத்தில் குறித்துவிடுங்கள்.

சிங்கப்பூருக்கு மட்டும், நம் யுபிஐயை அங்குள்ள உடனடிப் பணமாற்ற முறையான பேநவ்வோடு சேர்க்கும் யுபிஐ-பேநவ் இணைப்பு உண்டு. இதில் சேர்ந்த சில வங்கிகளின் செயலியிலிருந்து நாளுக்கு 60,000 ரூபாய் வரை அனுப்பலாம். 3 லட்சத்துக்கு ஐந்து நாள் ஆகும். ரேட் ஏற்ற இறக்கமும் தானாகவே சராசரியாகிவிடும்.

முகூர்த்தம் ஞாயிறு என்றால் வெள்ளி மாலை ஸ்விஃப்டை நம்பாதீர்கள். சனி, ஞாயிறு அந்நியச் செலாவணிச் சந்தை லீவு. முந்தின வாரமே முடித்துவிடுங்கள்.