குழாய்க் கடைக்குச் சிரிப்பு வரி எழுதும்போது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் மாமா குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கிறார். கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் படங்களுக்கு நான்தான் வரி எழுதித் தருகிறேன். ஒருமுறை, "அளவு தெரியாமல் வருகிறவர்களுக்கும் எங்கள் கடையில் இடமுண்டு!" என்று எழுதிக் கொடுத்தேன். மாமா அதைப் போட மறுத்துவிட்டார்.

அன்று காலைதான் ஏற்காட்டிலிருந்து ஓர் அம்மா பஸ் பிடித்து வந்திருந்தார். குழாய் வளையும் இடத்தில் மாட்டும் எல்போவை முக்கால் அங்குலத்தில் கேட்டார். பேரனின் ஸ்கேலை வைத்துக் குழாயை அளந்து, கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். "பழைய துண்டு ஏதாவது இருக்கிறதா அம்மா?" என்று மாமா கேட்க, செய்தித்தாளில் சுற்றிய துருப்பிடித்த எல்போவைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். அது அரை அங்குலம்.

அவர் அளந்ததில் பிழை இல்லை. அரை அங்குல ஜி.ஐ. குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர். முக்கால் அங்குலம் என்பதோ 19 மில்லிமீட்டர்தான். குழாயின் பெயர் உள்துளையை ஒட்டி வைத்தது. ஸ்கேல் காட்டுவது வெளிப்புறத்தை. பெயரை நம்பாமல் அளந்து பார்க்கும் கவனமுள்ளவர்தான் இதில் ஏமாறுகிறார். அவரைப் பார்த்துச் சிரிக்கும் வரியை அவர் வீட்டுக் கைப்பேசியிலேயே காட்டலாமா? தவறான சாமானோடு திரும்பியிருந்தால் 20 கொண்டை ஊசி வளைவுகளை அவர் மறுபடியும் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

அன்று மாலையே வரியை மாற்றினேன்: "பொய் சொல்வது குழாய்தான், நீங்கள் அல்ல. பழைய துண்டைக் கையோடு கொண்டு வாருங்கள்." கேலி குழாயின் மீது போய்விட்டது. வருகிறவருக்கு உதவும் ஒரு செய்தியும் சேர்ந்துகொண்டது. இப்போது எந்த வரியை எழுதினாலும், கல்லாவுக்கு எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வருமா என்று பார்க்கிறேன். வராவிட்டால் அடித்துவிடுகிறேன்.

தானே பழுது பார்க்கப் போய்க் கெடுத்துக்கொண்டவரைக் கிண்டல் செய்வதும் பிளம்பரைக் கிண்டல் செய்வதும் இதே தவறுதான். பிளம்பர் வாரத்துக்கு நான்கு முறை கடைக்கு வருகிறவர். தண்ணீர் வராத குழாயையும் நான் தொடுவதில்லை. குடத்தோடு காத்திருக்கும் தெருவில் அது சிரிப்பை வரவழைக்காது. சொட்டும் குழாய் வேறு. அது எல்லா வீட்டிலும் உண்டு. "ரகசியம் கசிந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. குழாய் கசிந்தால் வாருங்கள்" என்ற வரி யாரையும் சுடவில்லை.

இன்னொரு தவறு, படத்தில் இருப்பதையே வரியிலும் சொல்வது. தட்டு நிறைய எல்போக்களைப் படம் எடுத்துவிட்டு, "எல்லா எல்போக்களும் கிடைக்கும்" என்றால் படிப்பவருக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. சிரிப்பை விளக்கினாலும் இதே கதிதான். அந்தப் படத்துக்கு மாமா கடைசியில் போட்டது இது:

"ஏற்காட்டுப் பாதையில் 20 வளைவுகள். எங்களிடம் அதைவிட அதிகம்."