ஓட்டம் முந்தியதா, பிந்தியதா? அலைவுகாட்டியில் நாம் சறுக்கும் இடங்கள்

கிளிநொச்சியில் உயர்தரப் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் சிலருக்குச் செய்முறை சொல்லிக்கொடுக்கிறேன். போன கிழமை ஒருவனுடைய கொப்பியில் இப்படி இருந்தது: "அவத்தை வித்தியாசம் 122 பாகை. ஓட்டம் முந்துகிறது. கொள்ளளவச் சுமை." மேசையில் இருந்ததோ செப்புக் கம்பி சுற்றிய ஒரு சுருள். கொள்ளளவி என்று சொல்ல அந்தச் சுற்றில் ஒன்றுமே இல்லை. கணக்கில் பிழையில்லை. பிழை இணைப்பில் இருந்தது. பிறகு திரையை வாசிப்பதிலும் ஒரு முறை சறுக்கினான். இரண்டும் அடிக்கடி நடப்பவை.

முதலில் சுற்றைச் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ற்று தரும் சிறிய ட்ரான்ஸ்போமர், அதோடு தொடராக 0.1 ஹென்றி சுருள் (அதன் கம்பித்தடை 20 ஓம்), அதற்கடுத்து 1 ஓம் தடையி. அலைவுகாட்டிக்கு ஓட்டம் தெரியாது, வோல்ற்றளவு மட்டுமே தெரியும். ஆகவே ஓட்டத்தைப் பார்க்க அந்த 1 ஓம் தடையியின் குறுக்கேயுள்ள வோல்ற்றளவைப் பார்க்கிறோம். தடையியில் இரண்டும் ஒரே அவத்தையில் இருப்பதால் அந்த அலையே ஓட்டத்தின் அலை.

மீடிறன் 50 ஹேர்ட்ஸ், எனவே ஆவர்த்தன காலம் 20 மில்லிசெக்கன். கிடையாக ஒரு கட்டத்துக்கு 2 மில்லிசெக்கன் வைத்தால் முழு அலை பத்துக் கட்டத்தில் அடங்கிவிடும். இரண்டு அலைகளுக்கும் இடையிலுள்ள நேர வித்தியாசம் Δt, ஆவர்த்தன காலம் T என்றால் சூத்திரம் இதுதான்:

φ = 360° × Δt / T

20 மில்லிசெக்கனுக்கு 360 பாகை என்றால் 1 மில்லிசெக்கனுக்கு 18 பாகை. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்தால் 50 ஹேர்ட்ஸ் அளவீடுகளுக்குக் கணிப்பான் தேவைப்படாது. பழைய அலைவுகாட்டிகளில் நேரக் குமிழின் நடுவில் இருக்கும் சிறு குமிழ் திரும்பியிருந்தால் அளவு பொய்யாகும். அப்படி இருந்தாலும், T யையும் Δt யையும் அதே திரையில் கட்டங்களாக எண்ணி வகுத்தால் கோணம் சரியாகவே வரும்.

சரி, அந்தப் பையனிடம் வருவோம். நான் அந்தச் சுற்றைச் சரியாக இணைத்துக் காட்டியபோது ஓட்டத்தின் அலை வோல்ற்றளவின் அலைக்கு வலப்பக்கமாக 1.6 கட்டம் தள்ளி நின்றது. உடனே கேட்டான்: "வலப்பக்கம் போய் நிக்குது, அப்ப ஓட்டம் முந்திப் போகுதுதானே சேர்?" ஓட்டப் பந்தயத்தை நினைத்துக் கேட்கிறான். திரையில் ஒன்றும் ஓடவில்லை. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நின்று, வரும் பஸ்களின் நேரத்தை ஒரு நீண்ட கோட்டில் இடமிருந்து வலமாகக் குறிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணி பஸ் இடப்பக்கம் இருக்கும், ஏழரை மணி பஸ் வலப்பக்கம் இருக்கும். முந்தி வந்தது இடப்பக்கம்தான். திரையும் அதே கோடு. வலப்பக்கம் நிற்பது பிந்தி வந்தது. இங்கே ஓட்டம் 1.6 × 2 = 3.2 மில்லிசெக்கன் பிந்துகிறது. 3.2 × 18 = 57.6 பாகை. ஓட்டம் பிந்தினால் தூண்டற் சுமை, முந்தினால் கொள்ளளவச் சுமை.

அப்படியானால் அந்த 122 எங்கிருந்து வந்தது? 180 இலிருந்து 57.6 ஐக் கழித்துப் பாருங்கள்: 122.4. அலைவுகாட்டியின் நிலக் கவ்வியை எங்கே மாட்டியிருந்தான் என்று பார்த்தபோது காரணம் தெரிந்தது. சுருளுக்கும் தடையிக்கும் இடையிலுள்ள சந்தியில் நிலக் கவ்வியை மாட்டி, வோல்ற்றளவைப் பார்க்கும் CH1 ஐச் சுருளின் மேல்முனையிலும் ஓட்டத்தைப் பார்க்கும் CH2 ஐத் தடையியின் கீழ்முனையிலும் வைத்திருந்தான். சுருளின் வோல்ற்றளவை மட்டும் தனியே பார்க்க இது நல்ல வழிதான். ஆனால் CH2 இப்போது தடையியைத் தலைகீழாகப் பார்க்கிறது. ஓட்டத்தின் அலை கவிழ்ந்துவிட, பிந்திய ஓட்டம் முந்தியதாகத் தெரிகிறது. CH2 இல் INVERT ஐ அழுத்தினால் போதும், அலை நிமிர்ந்துவிடும்.

இரண்டு கவ்விகளையும் வெவ்வேறு இடத்தில் மாட்டலாமே என்று சிலர் நினைப்பார்கள். அவை அலைவுகாட்டிக்குள்ளேயே ஒன்றாக இணைந்தவை, புவித்தொடுப்போடும் சேர்ந்தவை. ஒன்றைச் சந்தியிலும் மற்றதைத் தடையியின் கீழ்முனையிலும் மாட்டினால் தடையியின் இரு முனைகளும் ஒன்றாக இணைந்து CH2 இல் வெறும் கோடுதான் வரும். வீட்டு 230 வோல்ற்றில் நேரடியாகக் கவ்வியை மாட்டும் யோசனையே வேண்டாம். உயிர்க் கம்பியில் பட்டால் நேரே புவிக்குக் குறுக்கிணைப்பு. ட்ரான்ஸ்போமர் அதற்காகத்தான் இருக்கிறது.

கவ்வியைச் சரியாக மாட்டியவர்களுக்கும் 122 வருவதுண்டு. வோல்ற்றளவு பூச்சியக் கோட்டை மேல்நோக்கிக் கடக்கும் இடத்தை எடுத்துவிட்டு, ஓட்டம் கீழ்நோக்கிக் கடக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் அதே விடைதான். இரண்டும் மேல்நோக்கிப் போகிற இடமாக இருக்கவேண்டும். இரண்டு அலைகளின் பூச்சியக் கோடும் திரையின் நடுக்கோட்டில் இருக்கிறதா என்றும் முதலில் பார்த்துவிடுங்கள்.

மின்னாக்கி இல்லாத சாதாரண சுமையில் கோணம் 90 பாகையைத் தாண்டாது. ஆகவே 122 என்று வந்ததுமே சந்தேகப்படலாம். ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பியிருக்க முடியாது. குழல்விளக்குச் சோக் ஒன்றின் கோணம் 84 பாகை என்று வைத்துக்கொள்வோம். அலை கவிழ்ந்தால் அது 96 பாகை முந்துவதாகத் தெரியும். திரையில் ஒரு கட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கான சிறு கோடு 0.4 மில்லிசெக்கன், அதாவது 7.2 பாகை. 96 ஐ 90 என்று வாசித்துவிட்டு, "நல்ல கொள்ளளவி" என்று எழுதிவிடுவோம். இங்கே எண் நம்மைக் காப்பாற்றாது.

இன்னொரு பிழை தடையியின் பருமனில் இருக்கிறது. அலை சின்னதாகத் தெரிகிறதென்று 1 ஓமுக்குப் பதிலாக 100 ஓம் போடுவார்கள். நிலக் கவ்வி தடையியின் கீழ்முனையில் இருக்கும்போது CH1 பார்ப்பது சுருளையும் தடையியையும் சேர்த்த வோல்ற்றளவை. சுருளின் தூண்டலால் 50 ஹேர்ட்ஸில் வரும் மறிப்பு 31.4 ஓம். 1 ஓம் போட்டால் மொத்தத் தடை 21 ஓம், கோணம் 56 பாகைக்குக் கொஞ்சம் மேல். சுருளின் சொந்தக் கோணம் 57.5, ஆகவே பரவாயில்லை. 100 ஓம் போட்டால் மொத்தத் தடை 120 ஓம், கோணம் 15 பாகைக்குள் சுருங்கிவிடும். சுருளே தடையி போல நடிக்கும். அலை சின்னதென்றால் CH2 இன் உணர்திறனைக் கூட்டுங்கள், தடையியைத் தொடாதீர்கள். 1 ஓமில் ஓட்டம் 0.32 அம்பியர் அளவில் வரும், உச்சத்திலிருந்து உச்சத்துக்கு 0.9 வோல்ற்று. கட்டத்துக்கு 0.2 வோல்ற்று வைத்தால் நாலரைக் கட்டம், அது தாராளம்.

பழைய இரட்டைக் கதிர் அலைவுகாட்டியில் TRIGGER SOURCE CH1 இல் இருக்கட்டும். ஒவ்வொரு அலையும் தன்னைத்தானே தொடக்கும் முறையில் விட்டால் இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குவதாகக் காட்டிவிடும், அவத்தையே இல்லாமல் போய்விடும்.

இப்போது பிள்ளைகளிடம் ஒரு வேலையை முதலில் செய்யச் சொல்கிறேன். சுருளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 47 ஓம் தடையி ஒன்றைப் போட வேண்டும். 12 வோல்ற்றில் அது 3 வாற்று அளவுக்குச் சூடாகும், ஆகவே 5 வாற்றுத் தடையி எடுங்கள். இரண்டு அலைகளும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நின்றால் கவ்வி சரி, INVERT சரி. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போனால் இணைப்பு கவிழ்ந்திருக்கிறது. அதன் பிறகு தடையியை எடுத்துவிட்டுச் சுருளையோ சோக்கையோ மாட்டலாம். அன்று அந்தப் பையனும் தன் பழைய இணைப்பிலேயே அப்படித்தான் செய்து பார்த்தான். அலை கவிழ்ந்து நின்றது. ஒன்றும் பேசாமல் INVERT ஐ அழுத்திவிட்டு, கொப்பியில் 122 ஐ வெட்டி 57 என்று எழுதினான்.