இரண்டாவது ரவுட்டர் வைத்ததும் மாடியில் இணையம் நின்றால்

பாளையங்கோட்டையில் என் சித்தப்பா வீட்டு மச்சில் சிக்னல் எட்டவில்லை என்பதற்காக, கீழிருந்து கேபிள் இழுத்து, அதைப் பழைய ரவுட்டர் ஒன்றில் இணையம் உள்ளே வருவதற்கான WAN துளையில் செருகியிருந்தார்கள். மச்சில் வைஃபை முழுதாகக் காட்டியும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. அங்கே கைபேசியில் கேட்வே முகவரி, அதாவது வெளியே வழிவிடும் ரவுட்டரின் எண், 192.168.1.1 என்றிருந்தது, கீழே பார்த்தாலும் அதே எண்தான். இரண்டு ரவுட்டர்களும் தனித்தனியே, உள்ளிருக்கும் கருவிகளின் முகவரிக்குப் பதில் தம் முகவரியை இட்டுத் தகவலை வெளியே அனுப்பும் முகவரி மாற்றத்தைச் செய்தன. அது மட்டுமென்றால் இணையம் பெரும்பாலும் ஓடியிருக்கும். விளையாட்டு, கேமரா போன்றவைதாம் தடுமாறும். ஆனால் உள்ளும் புறமும் ஒரே எண்வரிசை அமைந்ததால், மேல் ரவுட்டர் கீழுள்ளதைத் தேடும்போது அந்த எண் தன்னுடையதாகவே இருக்க, தகவல் வெளியேறவில்லை.

மேல் ரவுட்டரின் அமைப்பில், அதை வைஃபை பரப்பும் கருவியாக மட்டும் இயக்கும் Access Point என்ற தேர்வு இருந்தால் அதுவே போதும். சித்தப்பா வீட்டு ரவுட்டரில் அது இல்லாததால், மடிக்கணினியை அதனுடன் மட்டும் இணைத்து, முதலில் அதன் முகவரியை 192.168.1.2 என மாற்றி, புது முகவரியில் நுழைந்து, கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் DHCP-ஐ நிறுத்திவிட்டு, கேபிளை WAN துளையிலிருந்து பிடுங்கி, வீட்டுக் கருவிகளை இணைக்கும் LAN துளையில் செருகினேன். அந்த .2 எண்ணைக் கீழ் ரவுட்டர் வேறு கருவிக்குக் கொடுக்காதபடி, அதன் DHCP வரிசையை .10 முதல் தொடங்கச் செய்வது அவசியம். கைபேசியின் வைஃபையை அணைத்துப் போட்டதும் இணையம் வந்தது.