அயனி உந்தி: வேகத்தைக் கூட்டினால் பயணம் நீளும்

அயனி உந்தி என்பது மின்சாரத்தால் செனான் வாயுவின் அயனிகளை வெளியே தள்ளி விண்கலத்தை நகர்த்தும் இயந்திரம். அதை வைத்துப் போடும் ஆரம்பநிலைப் பயணத் திட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம், நான் முன்பு செய்த அதே தவறுகள் வரிசையாக வருகின்றன.

பூமியிலிருந்து கிளப்ப நினைப்பது

முடியாது. இது விண்வெளிக்குப் போன பிறகு ஓடுகிற இயந்திரம்.

வெளியேறும் வேகம் கூடினால் நல்லது என்று நம்புவது

இன்றும் என்னைக் கடுப்பேற்றுவது இதுதான். செனான் அயனிகளை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறோமோ, அவ்வளவு குறைவான செனான் போதும். அதுவரை சரி. ஆனால் அந்த வேகத்துக்கான ஆற்றல் சூரியத் தகடுகளிலிருந்து வரவேண்டும். மின்சாரம் மாறாமல் இருக்க, வேகத்தை இரட்டிப்பாக்கினால் உந்துவிசை பாதியாகிவிடும்.

```
F = 2 × η × P / v
```

இதில் F உந்துவிசை, η செயல்திறன், P மின்சாரம், v வெளியேறும் வேகம்.

மாணவனாக இருந்தபோது 1000 கிலோ கலம் ஒன்றுக்குக் கணக்குப் போட்டேன். வேகத்தை வினாடிக்கு 10 கி.மீ. மாற்றவேண்டும், மின்சாரம் 2.5 கிலோவாட், செயல்திறன் 60 சதவீதம். வெளியேறும் வேகம் வினாடிக்கு 3 கி.மீ. மட்டுமே உள்ள வேதி ராக்கெட் என்றால், அந்த 1000 கிலோவில் 960-க்கும் மேல் எரிபொருளுக்கே போய்விடும். அயனிகளின் வேகம் 30 கி.மீ. என்றால் 283 கிலோ செனான் போதும். 60 கி.மீ. என்றால் 154 கிலோதான். நான் 60-ஐ எடுத்துக்கொண்டு, 129 கிலோ மிச்சம் என்று பெருமையாகக் காட்டினேன். "எப்போது போய்ச் சேரும்?" என்று கேட்டார் ஆசிரியர்.

30 கி.மீ.யில் உந்துவிசை 0.1 நியூட்டன், இடைவிடாமல் 2.7 ஆண்டுகள் ஓடவேண்டும். 60-ல் அது 0.05 நியூட்டன், 5.8 ஆண்டுகள், அதாவது 51,000 மணி நேரத்துக்கு மேல். அயனிகள் மோதி மோதி உந்தியின் வலைத்தகடுகள் தேய்ந்துகொண்டே இருக்கும். நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 கலத்தின் உதிரி உந்தியைத் தரைச் சோதனையில் ஓட்டியது சுமார் 30,000 மணி நேரம். அந்த ஒரு உந்தியை நம்பியிருந்தால் என் கலம் பாதி வழியிலேயே நின்றிருக்கும்.

பூமியருகே கிடைக்கும் மின்சாரத்தையே கடைசிவரை போடுவது

சூரியனிலிருந்து பூமியைப்போல் மூன்று மடங்கு தூரம் போனால் ஒளி ஒன்பதில் ஒரு பங்குதான். நாசாவின் டான் கலத்தின் தகடுகள் பூமியருகே 10 கிலோவாட் தந்தன. மூன்று மடங்குத் தொலைவில் சுமார் 1.3 கிலோவாட்.

0.09 நியூட்டனை அற்பமாக நினைப்பது

டானின் அதிகபட்ச விசை அவ்வளவுதான். ஒரு தாளின் எடை போன்றது. 2007-ல் 425 கிலோ செனானோடு புறப்பட்டு, பல ஆண்டுகள் தள்ளித் தள்ளியே வினாடிக்கு சுமார் 11 கி.மீ. வேகமாற்றம் பெற்றது. 2011-ல் வெஸ்டா என்ற சிறுகோளைச் சுற்றியது. அப்புறம் அங்கிருந்து கிளம்பி 2015-ல் சீரிஸ் என்ற குறுங்கோளைச் சுற்றத் தொடங்கியது.

எலெக்ட்ரான்களை மறப்பது

நேர்மின் அயனிகள் மட்டும் போனால் கலம் எதிர்மின்னேற்றம் பெற்று அவற்றையே திரும்ப இழுக்கும். பின்னால் எலெக்ட்ரான் உமிழி கட்டாயம்.