குவிவு வளைகோட்டில் இடைநிலையும் நூற்றுமானமும்: விடை தப்பிப் போகும் இடங்கள்

கிடைமட்ட அச்சில் மார்க்கையும் செங்குத்து அச்சில் அந்த மார்க் வரை எடுத்தவர்களின் மொத்த எண்ணிக்கையையும் வைத்து வரைவது குவிவு நிகழ்வெண் வளைகோடு. அதில் ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் உண்டு. ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தால் விடை கிடைத்துவிடும். தப்பான இடத்தில் இழுத்தாலும் ஏதோ ஒரு விடை கிடைத்துவிடும், அதுவும் நம்பும்படியான மார்க்காகவே இருக்கும். 100 மார்க் தேர்வில் இடைநிலை, அதாவது நடு மாணவரின் மார்க், 400 என்று வந்தால் யாரும் நின்று பார்ப்பார்கள். 46க்குப் பதில் 41 என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஒரே ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பார்ப்போம். 120 மாணவர்கள் எழுதிய, 100 மார்க் கணிதத் தேர்வு என்று கொள்ளுங்கள். எண்கள் இந்தக் கட்டுரைக்காக அமைத்தவை.

| மார்க் | மாணவர்கள் | குவிவு |
|---|---|---|
| 0–9 | 2 | 2 |
| 10–19 | 6 | 8 |
| 20–29 | 12 | 20 |
| 30–39 | 20 | 40 |
| 40–49 | 30 | 70 |
| 50–59 | 24 | 94 |
| 60–69 | 14 | 108 |
| 70–79 | 8 | 116 |
| 80–89 | 3 | 119 |
| 90–100 | 1 | 120 |

முதல் தவறு புள்ளி வைக்கும்போதே நடந்துவிடுகிறது. 40–49 என்ற பிரிவுக்கு நேரே குவிவு 70. இந்த 70ஐ எந்த மார்க்குக்கு மேலே குறிப்பது? நிறையப் பேர் பிரிவின் நடுவில், அதாவது 44.5இல் குறிக்கிறார்கள். நிகழ்வெண் பலகோணம் வரைந்து பழகிய கை அது; அங்கே நடுப்புள்ளிதான் சரி. இங்கே 70 என்ற எண் சொல்வது வேறு: 49 வரை எடுத்தவர்கள் மொத்தம் எழுபது பேர். 44.5இல் நிற்கும்போது அந்த முப்பது பேரில் பாதிப் பேர் இன்னும் கணக்கில் வந்திருக்க மாட்டார்கள். பிரிவு முழுவதும் முடிந்த பிறகுதான் 70 என்று சொல்ல முடியும். ஆகவே புள்ளி பிரிவின் மேல் எல்லையில் விழ வேண்டும்.

அந்த மேல் எல்லை 49ஆ, 50ஆ? இரண்டுக்கும் நடுவே, 49.5. மார்க் முழு எண்ணாக இருப்பதால் 49க்கும் 50க்கும் இடையே ஓர் இடைவெளி விழுகிறது. அதைச் சரிபாதியாகப் பிரித்து இரு பக்கத்துக்கும் கொடுத்துவிடுகிறோம். பிரிவுகள் 40–50, 50–60 என்று தொடர்ச்சியாகவே கொடுக்கப்பட்டிருந்தால் இந்த வேலை தேவையில்லை, 50இலேயே குறிக்கலாம்.

இப்போது விடையைப் பார்ப்போம். இடைநிலை 60ஆவது மாணவரின் இடம். 39.5இல் குவிவு 40, 49.5இல் 70. நாற்பதிலிருந்து அறுபதுக்கு இருபது பேர் ஏற வேண்டும். இந்தப் பிரிவில் இருப்பது முப்பது பேர். மூன்றில் இரண்டு பங்கு தூரம், அதாவது பத்தில் 6.7. விடை சுமார் 46. நடுப்புள்ளிகளில் குறித்தவருக்கு வளைகோடு மொத்தமும் ஐந்து மார்க் இடப்பக்கம் நகர்ந்திருக்கும், அவர் 41 என்பார். இந்தத் தவறின் அடையாளமே அதுதான்: இடைநிலை, கால்மானம், நூற்றுமானம் எல்லாமே சரியாகப் பாதிப் பிரிவு அளவுக்குக் குறைந்திருக்கும். வளைகோட்டின் வடிவம் அப்படியே இருப்பதால் பார்த்தாலும் தெரியாது.

சரி, கோடு சரியாக வந்துவிட்டது. அடுத்தது, எந்த உயரத்திலிருந்து இழுப்பது?

இடைநிலைக்கு மொத்த மாணவர்களில் பாதி, 60. செங்குத்து அச்சை கிராஃப் தாளில் 140 வரை எழுதியிருப்பார்கள், தாளில் இடம் இருந்ததால். அச்சின் நடுவைப் பார்த்து 70இல் கோடு இழுத்தால் விடை 49.5. அச்சு எங்கே முடிகிறது என்பதற்கும் விடைக்கும் தொடர்பே இல்லை. வளைகோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள், அந்த உயரத்தில் பாதி.

இதைவிடப் பெரிய சேதம் நூற்றுமானத்தில், அதாவது இத்தனை சதவீதம் பேர் எந்த மார்க்குக்குள் அடங்குகிறார்கள் என்ற கேள்வியில். ‘90ஆவது நூற்றுமானம் காண்க’ என்றால் கை நேரே அச்சில் 90 என்று எழுதிய இடத்துக்குப் போகும். அங்கிருந்து இழுத்தால் சுமார் 58 மார்க் வரும். ஆனால் 120 பேரில் 90 பேர் என்பது 75 சதவீதம். கேட்டது 90ஆவது, கண்டுபிடித்தது 75ஆவது, அதாவது மேல் கால்மானம். சரியான உயரம் 120இல் 90 சதவீதமான 108. அங்கே வளைகோட்டைத் தொட்டுக் கீழே இறங்கினால் 69.5. கிட்டத்தட்ட பன்னிரண்டு மார்க் வித்தியாசம். மாணவர் எண்ணிக்கை சரியாக 100 ஆக இருந்தால் மட்டும் இந்தத் தவறு தெரியாமல் தப்பிக்கும். பயிற்சிக் கணக்குகளில் 100 பேரையே வைத்துப் பழக்குவதை நான் அதனால்தான் விரும்புவதில்லை. பக்கத்தில் இன்னொரு செங்குத்து அச்சு போட்டு, 120க்கு நேரே 100 சதவீதம், 60க்கு நேரே 50 சதவீதம் என்று எழுதிவிட்டால் குழப்பமே எழாது.

பாதி என்பது 60ஆ, 60.5ஆ என்று ஒரு சண்டை எப்போதும் உண்டு. மார்க்குகளை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எண்ணி எடுக்கும்போதுதான் ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கும் முறை. வளைகோட்டில் 60 போதும். 60.5 எடுத்தாலும் விடை 46.2இலிருந்து 46.3க்குத்தான் நகரும், பென்சில் கோட்டின் தடிமனே அதைவிட அதிகம்.

அப்புறம் திசை. ‘முதல் பத்து சதவீத மாணவர்களுக்குப் பரிசு, கட்-ஆஃப் என்ன?’ என்று கேட்டால் பத்து சதவீதம், 12 பேர் என்று கணக்குப் போட்டு 12இலிருந்து கோடு இழுப்பவர்கள் இருக்கிறார்கள். கிடைப்பது 23 மார்க். வளைகோடு கீழேயிருந்து எண்ணிக்கொண்டு வருகிறது, ஆகவே மேலே உள்ள 12 பேரைத் தனியே பிரிக்க 108இலிருந்து இழுக்க வேண்டும். 69.5க்கு மேல், அதாவது 70ஓ அதற்கு மேலோ எடுத்தவர்கள். அட்டவணையில் கடைசி மூன்று பிரிவுகளைக் கூட்டினால் 8, 3, 1 என்று அதே 12 வரும். பாஸ் எத்தனை பேர் என்ற கேள்வியிலும் இதே வழுக்கல்தான். 35 பாஸ் மார்க் என்றால் 34.5இலிருந்து மேலே ஏறி வளைகோட்டைத் தொட்டு இடப்பக்கம் போனால் 30. இது ஃபெயில் ஆனவர்களின் எண்ணிக்கை. பாஸ் 90 பேர்.

சதவீத மார்க்கையும் நூற்றுமானத்தையும் ஒன்றாக நினைப்பது வளைகோட்டுக்கு வெளியே இருந்து வரும் குழப்பம். ஜேஇஇ மெயின் முடிவு வரும்போது வீட்டில் எல்லோர் வாயிலும் ‘பர்சென்டைல்’ என்ற பெயரில் வருவது இந்த நூற்றுமானம்தான். அங்கே கொடுக்கப்படும் எண், அதே ஷிஃப்டில் தேர்வெழுதியவர்களில் இவருக்குச் சமமாகவோ குறைவாகவோ எடுத்தவர்கள் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்கிறது. நம் வகுப்பில் 58 மார்க் எடுத்தவரை அப்படிப் பாருங்கள்: 58.5இலிருந்து மேலே ஏறினால் சுமார் 92 பேர், 120இல் அது ஏறக்குறைய 76 சதவீதம். 58 மார்க் எடுத்தவர் 76 பர்சென்டைலில் இருக்கிறார். 76 மார்க் எடுத்தவரோ 95க்குப் பக்கத்தில். பள்ளிக் கணக்கில் பெரும்பாலும் செங்குத்து அச்சிலிருந்து தொடங்கி மார்க்குக்கு இறங்குகிறோம், ஜேஇஇ மார்க்கிலிருந்து தொடங்கிச் செங்குத்து அச்சுக்குப் போகிறது. வளைகோடு ஒன்றுதான்.

சில தேர்வுகளில் இரண்டு வளைகோடுகள் வரையச் சொல்வார்கள்: ‘விடக் குறைவு’ ஒன்று, ‘விட அதிகம்’ ஒன்று. இரண்டும் வெட்டும் இடத்திலிருந்து கீழே இறங்கினால் இடைநிலை. இடப்பக்கம் போய் 60 என்று எழுதுபவர்கள் மொத்த எண்ணிக்கையில் பாதியைத்தான் திரும்ப எழுதுகிறார்கள். ஆனால் அந்த 60 வீண் இல்லை, அது ஒரு நல்ல சோதனை. எந்த மார்க்கை எடுத்தாலும் அதற்குக் கீழே உள்ளவர்களும் மேலே உள்ளவர்களும் சேர்ந்தால் 120 பேர். ஆகவே வளைகோடுகள் 60 உயரத்தில்தான் வெட்ட முடியும். இரண்டையும் நடுப்புள்ளிகளில் வைத்து வரைந்தால் என்ன ஆகும் தெரியுமா? ‘விட அதிகம்’ வளைகோட்டின் புள்ளிகள் பிரிவின் கீழ் எல்லையில் விழ வேண்டியவை. ஆகவே ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் ஐந்து மார்க் நகரும். தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, வெட்டும் இடம் 46க்கு மேலேயே வந்துவிடும்! உயரம் மட்டும் 74க்குப் பக்கத்தில் நிற்கும். விடையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத தவறை உயரம் காட்டிக்கொடுக்கிறது.

கடைசியாக, எல்லாம் சரியாகச் செய்தும் நம்பக் கூடாத ஒரு இடம் இருக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வளைகோடு சொல்வது அளந்த உண்மை அல்ல, ஊகம். 30–39இல் உள்ள இருபது பேரும் சீராகப் பரவியிருக்கிறார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. நிஜ மதிப்பெண் பட்டியலில் பாஸ் மார்க்குக்கு அருகில் அப்படி இருப்பது அரிது. 33, 34இல் நிற்பவரை ஆசிரியர் தாளை மீண்டும் புரட்டி 35க்குக் கொண்டுபோய் விடுவார். அந்த இருபது பேரில் ஐந்து பேர் மட்டும் 35க்குக் கீழே, பதினைந்து பேர் 35ஓ அதற்கு மேலோ இருந்தால், ஃபெயில் ஆனவர்கள் 25 பேர். வளைகோடு அப்போதும் 30 என்றுதான் சொல்லும், ஏனென்றால் 29.5இலும் 39.5இலும் புள்ளிகள் மாறவில்லை. 69.5இல் படித்த 108 அப்படி இல்லை. அது பிரிவின் எல்லையில் விழுந்ததால் அட்டவணையிலேயே உள்ள எண், நூற்றுக்கு நூறு சரி. ஆகவே பிரிவுக்கு நடுவே விழும் விடையை 46.17 என்று எழுதாமல் ‘சுமார் 46’ என்று எழுதுங்கள். 34.5இல் எத்தனை பேர் என்ற கேள்விக்கு மதிப்பெண் பட்டியல் கையில் இருந்தால் வளைகோட்டை ஒதுக்கிவிட்டுப் பட்டியலில் எண்ணிவிடுங்கள்.