எக்ஸிட்டைத் தவறவிடாமல் நெடுஞ்சாலைப் பலகைகளைப் படிப்பது எப்படி

நெடுஞ்சாலைக்குப் புதியவர்கள் வழி தவறுவது பெரும்பாலும் பலகையைப் பார்க்காததால் அல்ல. அதில் இருக்கும் எல்லாவற்றையும் படிக்க முயல்வதால். அமெரிக்காவில் பலகைகளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எழுத்தின் உயரம் ஓர் அங்குலம் என்றால் 30 அடி தூரத்திலிருந்து படிக்கலாம். 16 அங்குல எழுத்தை 480 அடியில், அதாவது சுமார் 146 மீட்டரில் படிக்க முடியும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடிவிடும். ஆக, கையில் இருப்பது ஐந்து நொடிதான். அதற்குள் எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

ஒரே பயணத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். 87-ஆம் எண் எக்ஸிட்டில் இறங்கி ஒரு சிறிய ஊருக்குப் போக வேண்டும். வண்டிகள் இடப்பக்கம் ஓடும் சாலை, ஒரு திசைக்கு மூன்று லேன். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இருப்பவர்கள் இடம், வலத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: கிளம்பும் முன் மூன்றே குறிப்புகள்

சாலை எண், எக்ஸிட் எண், அந்தச் சாலை கடைசியில் போய்ச் சேரும் பெரிய நகரம். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் போகும் சிறிய ஊரின் பெயர் அதன் எக்ஸிட் நெருங்கும்போதுதான் பலகையில் வரும். அதுவரை வழி நெடுக எழுதியிருப்பது தூரத்து நகரத்தின் பெயர்தான். அது தெரியாவிட்டால், சரியான சாலையில் போய்க்கொண்டே தவறிவிட்டோமோ என்று தடுமாறுவீர்கள்.

படி 2: நிறத்திலிருந்து என்ன தெரியும்

பச்சை, நீலம் இரண்டுக்கும் உலகம் முழுவதும் ஒரே பொருள் கிடையாது. இந்தியாவில் எக்ஸ்பிரஸ்வேயில் வழிகாட்டும் பலகை நீலம், தேசிய நெடுஞ்சாலையில் பச்சை. பிரிட்டனில் மோட்டார்வே நீலம், மற்ற முக்கியச் சாலைகள் பச்சை. இத்தாலியில் இதற்கு நேர் எதிராக மோட்டார்வேதான் பச்சை. அமெரிக்காவில் வழி சொல்வது பச்சை. பெட்ரோல், சாப்பாடு, தங்குமிடம் சொல்வது நீலம். எனவே புதிய நாட்டில் ஓட்டும்போது முதல் வேலையாக இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரிட்டனில் பச்சைப் பலகைக்குள் ஒரு சிறிய நீலக் கட்டம் இருந்தால், அந்தப் பக்கம் திரும்பினால் மோட்டார்வே வரும் என்று பொருள். சாலை எண் அடைப்புக்குறிக்குள் இருந்தால், இந்தச் சாலை அதுவல்ல, அதற்குக் கொண்டுபோய் விடும் சாலை. இதை அறியாமல் எண்ணை மட்டும் பார்த்து, "வந்து சேர்ந்துவிட்டோம்" என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 3: இரண்டு வகைத் தூரம்

ஊர்ப் பெயரும் கிலோமீட்டரும் வரிசையாக இருக்கும் பலகை, பெரும்பாலும் ஊரின் மையம் வரையிலான தூரத்தைச் சொல்லும். பெரிய நகரம் 40 கி.மீ. என்று இருந்தால், அதன் முதல் எக்ஸிட் அதற்கு வெகு முன்பே வந்துவிடலாம். அப்புறம், வரிசையை நம்பாதீர்கள். அமெரிக்காவில் பக்கத்து ஊர் மேலே இருக்கும். ஜெர்மனியின் ஆட்டோபானில் தூரத்து ஊர்தான் மேலே. எண்ணைப் பாருங்கள்.

சாலையோரம் நிற்கும் சிறிய கிலோமீட்டர் குறியீடுகள் வேறு. அவை சாலையின் தூரத்தை எண்ணத் தொடங்கும் இடத்திலிருந்து எவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம் என்று காட்டுபவை. எக்ஸிட் எண்களும் இதே தூரத்தை வைத்து இடப்பட்டிருந்தால் உங்களுக்கு நல்ல வசதி. இப்போது 62-ஆவது கி.மீ. தாண்டினால், 87-ஆம் எக்ஸிட்டுக்கு இன்னும் சுமார் 25 கி.மீ.; 100 கி.மீ. வேகத்தில் கால் மணி நேரம். பிரிட்டனில் எக்ஸிட்டுகளுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் என்பதால் அங்கே இந்தக் கழித்தல் பலிக்காது. அடுத்தடுத்த இரண்டு எக்ஸிட்டுகளைப் பாருங்கள். பல கி.மீ. இடைவெளியிலும் எண் ஒன்றுதான் கூடினால் அது வரிசை எண்.

படி 4: தலைக்கு மேல் இருக்கும் கான்ட்ரி

சாலையின் குறுக்கே இரும்புச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பலகைகள் இவை. இங்கே பெயரைவிட அம்புக்குறிதான் முக்கியம். தவறுகள் அதிகம் நடப்பதும் இங்கேதான்.

கீழ்நோக்கிய அம்பு, தனக்குக் கீழே இருக்கும் லேனைக் காட்டுகிறது. அந்த லேனில் இருந்தால் பலகையில் உள்ள ஊருக்குப் போய்ச் சேருவீர்கள். சாய்வாக மேல்நோக்கிய அம்பு, அந்த இடத்தில் பிரிந்து போகும் வழியைக் காட்டுகிறது.

சரி, நம் பயணத்தில் 2 கி.மீ. என்று முதல் அறிவிப்பு வந்துவிட்டது. 100 கி.மீ. வேகத்தில் அது 72 நொடி. நடு லேனில் இருந்தால் இப்போதே கண்ணாடி பார்த்து இடது லேனுக்கு வாருங்கள். 1 கி.மீ. பலகை வரும்போது 36 நொடிதான் மிச்சம். இடப்பக்கம் லாரிகள் வரிசையாகப் போனால் அது போதாது.

அடுத்த கான்ட்ரியில் 87-க்குச் சாய்ந்த அம்பு இருந்தால், இடது லேனுக்கும் இடப்பக்கம் புதிதாக ஒரு வழி பிரியும். இடது லேனில் இருந்துகொண்டே நேராகவும் போகலாம். ஆனால் 87-க்குக் கீழ்நோக்கிய அம்பு இடது லேனின் மேல் நின்று, தூரத்து நகரத்துக்கு மற்ற இரண்டு லேன்களின் மேல் மட்டும் அம்புகள் இருந்தால், இடது லேன் முழுவதுமே எக்ஸிட்டாக மாறுகிறது. இதைக் கவனிக்காமல் நேராகப் போக நினைத்து ஒருமுறை இடது லேனிலேயே இருந்து, வேண்டாத ஊருக்குள் இறங்கியிருக்கிறேன். பெயர்களையெல்லாம் படித்தேன், அம்புகளை எண்ணவில்லை. அன்றிலிருந்து என் பழக்கம் இதுதான்: நேராகப் போகும் பலகையில் எத்தனை அம்பு, சாலையில் எத்தனை லேன்? இரண்டு எண்ணும் பொருந்தாவிட்டால் ஏதோ ஒரு லேன் பிரியப் போகிறது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட லேனுக்கான பலகையில் மஞ்சள் பட்டை போட்டிருப்பார்கள்.

மின்விளக்குப் பலகையில் லேனின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி எரிந்தால் அந்த லேன் மூடப்பட்டுள்ளது. அங்கே வேறு எதையும் படிக்க வேண்டாம், விலகிவிடுங்கள்.

படி 5: கடைசி 300 மீட்டர்

பல நாடுகளில் எக்ஸிட்டுக்கு முன் மூன்று, இரண்டு, ஒன்று என்று சாய்ந்த கோடுகள் போட்ட சிறிய பலகைகள் வரும். ஜெர்மனியில் ஒரு கோடு 100 மீட்டர், பிரிட்டனில் 100 கெஜம். மூன்று கோட்டைப் பார்க்கும்போது 11 நொடிதான் இருக்கிறது. அதற்குள் இடது லேனில் இருந்து இண்டிகேட்டர் போட்டிருக்க வேண்டும். பிரிந்த வழிக்குள் நுழைந்த பிறகு வேகத்தைக் குறையுங்கள், பின்னால் வருபவருக்கு அதுதான் பாதுகாப்பு.

மூன்று கோடு தெரியும்போதும் நீங்கள் நடு லேனில்தான் இருந்து, இடது லேனில் இடமும் இல்லை என்றால், 87-ஐ விட்டுவிடுங்கள். பிரேக் போட்டு நிற்பதோ, கோடு தாண்டி வெட்டுவதோ, ஓரத்தில் பின்னால் வருவதோ வேண்டாம். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, எதிர்த்திசைச் சாலையில் ஏறித் திரும்பி வாருங்கள். அந்தப் பக்கப் பலகைகளிலும் 87 என்றே இருக்கும்.